குடிக்காததற்கு வீட்டுக்கு ஒரு கடிதம்

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் எம்எஸ்சி படிக்கிறேன். ஊர் திண்டுக்கல் பக்கம். வகுப்பு நண்பர்களோடு ஓட்லி ரன் என்று பப் பப்பாகச் சுற்றி வருகிற வழக்கத்துக்குப் போனபோது கையில் கோக் கிளாஸோடு நின்ற போட்டோ அத்தை கண்ணில் பட்டுவிட்டது. நான் குடிப்பதே இல்லை. ஆனால் அம்மா பழனி முருகன் மேல் சத்தியம் பண்ணச் சொல்கிறார், அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். பெரியப்பா போன விதத்தைப் பார்த்ததுதான் நான் குடிக்காததற்குக் காரணம். வீட்டில் அதைக் காமாலை என்று மட்டும்தான் சொல்வார்கள். அப்பாவும் கல்யாணம் காட்சி என்றால் இரண்டு பெக் போடுவார். போனில் பேசினால் அழுகையில் முடிகிறது, அதனால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், ஆனால் இந்த வடிவத்தில் வேண்டாம். குடிநோய் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பதால் குடிக்கிறவர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைத்தான் அதிகம் படித்திருக்கிறேன், குடிக்காதவர் எழுதியதைப் படிப்பது அபூர்வம். சுவாரஸ்யம் என்னவென்றால் இரண்டிலும் ஒரே கோளாறு இருக்கிறது, காரணங்கள் ரொம்ப அதிகம். நீங்கள் கல்லீரல், புற்றுநோய், செலவு, தூக்கம், காந்தி, படிப்பு, பெண்ணின் பாதுகாப்பு என்று வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள், கோர்ட்டில் வக்கீல் வாதாடுகிற மாதிரி. படிக்கிற அப்பாவுக்கு என்ன தோன்றும்? ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இத்தனை எதற்கு என்றுதான். உண்மையில் உங்களை நிறுத்திய காரணம் எதுவோ அது மட்டும் இருக்கட்டும், புத்தகத்தில் படித்துச் சேர்த்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

முதலில் போட்டோவை முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் அது கடைசிப் பத்தியில், "அது வெறும் கோக்தான், நம்பினால் நம்புங்கள்" என்று ஒரே வரியில் வருகிறது. அதுதான் முதலில் வர வேண்டும், அதுவும் நிதானமாக, அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்கிற மாதிரி. ஓட்லி ரன் என்றால் லீட்ஸில் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்: ஹெடிங்லி பகுதியில் ஆரம்பித்து ஓட்லி சாலை வழியாக நகரத்தை நோக்கி, வழியில் இருக்கிற பதினைந்து சொச்சம் பப்களில் ஒவ்வொன்றாக நுழைந்து நுழைந்து வருவது, பெரும்பாலும் சனிக்கிழமை, ஆளாளுக்கு மாறுவேஷம் போட்டுக்கொண்டு. திண்டுக்கல்லில் உட்கார்ந்து போட்டோவைப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. முகத்தில் சாயம் பூசிய பத்துப் பேர், நடுவில் மகள், கையில் கிளாஸ். அந்தக் கிளாஸும் சும்மா இல்லை, பப்பில் கோக் கேட்டால் ஐஸ் போட்டு ஒரு எலுமிச்சைத் துண்டும் சொருகித்தான் தருவார்கள். உங்கள் அப்பா கல்யாண மண்டபத்து மாடியில் ரம்மும் கோக்கும் கலந்து பார்த்தவர். அவருடைய அனுபவத்தில் அந்தக் கிளாஸுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அவர் உங்களைச் சந்தேகப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதற்குக் கோபப்படாமல் விவரத்தைக் கொடுங்கள்.

அடுத்தது கல்லீரல். "ஒரு கிளாஸ் குடித்தாலே கல்லீரல் கெட்டுப்போகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை, உங்கள் வீட்டில் இதை உடனே கண்டுபிடிக்கப் போகிறவர் அப்பாதான், ஏனென்றால் அவர் வருஷக்கணக்காக எப்போதாவது இரண்டு பெக் போட்டுவிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறார். ஒரு வரி பொய்யாகத் தெரிந்தால் மற்ற வரிகளும் சேர்ந்து போய்விடும். நடப்பது வேறு. அதிகமாகக் குடிக்கிறவரின் கல்லீரலில் முதலில் கொழுப்பு சேரும், வெளியே ஒன்றும் தெரியாது, அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடர்ந்தால் சிலருக்கு அழற்சி வந்து, தழும்பு விழுந்து விழுந்து, பல வருஷங்களில் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும், அதுதான் சிரோசிஸ். எல்லோருக்கும் அது வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லவும் முடியாது. புற்றுநோய் விஷயத்தில் மட்டும் நீங்கள் எழுதியது சரி. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது, இந்த அளவு வரை ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஆனால் இதைப் படித்துவிட்டா நீங்கள் குடிக்காமல் இருந்தீர்கள்? இல்லையே. அப்படியானால் இந்தக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

இப்போது பெரியப்பா. உங்கள் கடிதத்தில் எனக்கு மனசில் நின்றது அந்த ஒரு பத்திதான். பள்ளிக்கூட வயசில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கை கால் எல்லாம் குச்சியாக, வயிறு மட்டும் பெரிதாக, பக்கத்தில் ஒரு குழாய் வழியாக மஞ்சளாக நீர் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முற்றிய சிரோசிஸில் நடப்பது அதுதான்: கல்லீரல் இறுகியதால் ரத்தம் அதன் வழியாகப் போக முடியாமல் அழுத்தம் ஏறி, வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், ஊசி போட்டு வடித்தாலும் மறுபடி சேரும். கண்ணும் தோலும் மஞ்சளாவது அந்த நோயின் ஒரு அடையாளம். வீட்டில் காமாலை என்று சொன்னது முழுப் பொய் இல்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஊரில் பேச்சு வரக்கூடாது என்று உங்கள் அப்பாவே அப்படிச் சொல்லத் தொடங்கியிருக்கலாம். அதனால் இதை எழுதும்போது "நீங்கள் மறைத்தீர்கள்" என்று வரக்கூடாது. நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அந்தப் பத்தியில் கட்டாயம் அடிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. "என் உடம்பிலும் அதே ரத்தம்தான் ஓடுகிறது" என்ற வரி. நீங்கள் அதை உங்களைப் பற்றி எழுதினீர்கள், ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், பெரியப்பாவோடு உங்களைவிட அதிகம் ரத்தம் பகிர்ந்தவர் யார்? கூடப் பிறந்த தம்பி. மரபணுக் கணக்கில் உடன்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி பொது, பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் கால் பங்குதான். குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபைச் சார்ந்தது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன, மீதி வளர்ப்பு, கூட்டாளிகள், கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது மாதிரியான விஷயங்கள். அதனால் நீங்கள் எச்சரிக்கையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வரி உங்களைத் தாண்டி நேராக அப்பா மேல் போய் விழும், அவர் கடிதத்தை அங்கேயே மடித்து வைத்துவிடுவார்.

அப்பாவின் இரண்டு பெக்கைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அண்ணன் பெங்களூரில் பீர் குடிப்பதை யாரும் கேட்பதில்லை என்று இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. அப்பாவின் கணக்கை உங்களுக்காகவே போட்டுப் பார்த்தேன்: நம் ஊரில் பெரிய பெக் 60 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அப்படியானால் ஒரு பெக்கில் சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 26 மில்லி. நீங்கள் இருக்கிற நாட்டில் சுத்தமான ஆல்கஹால் 10 மில்லியை ஒரு யூனிட் என்பார்கள், பப்பில் விஸ்கி மாதிரி எதையாவது ஒரு சிங்கிள் கேட்டால் ஊற்றுவது பெரும்பாலும் 25 மில்லிதான், அதில் இருக்கிற ஆல்கஹால் ஒரு யூனிட். ஆக, அப்பாவின் இரண்டு பெக் அங்கே ஐந்து சிங்கிளுக்கு மேல். ஒரு ராத்திரிக்கு அது கொஞ்சம் இல்லை, அவரிடம் பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம். இதில் அதைச் சேர்த்தால் பேச்சு உங்களை விட்டு அவரிடம் போய்விடும், பிறகு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. அண்ணன் கதையும் அப்படித்தான். ஊருக்குப் போகும்போது நேரில் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்வி அது.

சத்தியத்துக்கு வருகிறேன். பண்ணாதீர்கள். இதில் சாமி சம்பந்தமான கருத்து எனக்கு எதுவும் இல்லை, நடைமுறைச் சிக்கல்தான். "ஒரு சொட்டுகூட நாக்கில் படாது" என்று சத்தியம் பண்ணிவிட்டு அந்த ஊரில் இருப்பது கஷ்டம். கிறிஸ்துமஸ் சமயத்துப் புட்டிங்கில் பிராந்தி இருக்கும், டிராமிசு என்ற இனிப்பில் பல இடங்களில் மது சேர்ப்பார்கள், சைடர் என்றால் ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்து வாங்கி ஒரு மடக்குக் குடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர், அங்கே அது பீர் அளவுக்கு ஆல்கஹால் உள்ள பானம். ஆல்கஹால் இல்லாதது என்று விற்கிற பீர் சிலவற்றில்கூட 0.5 சதவீதம் வரை இருக்கும். தெரியாமல் ஒன்று வாய்க்குள் போய்விட்டால் அதற்குப் பிறகு ராத்திரி முழுக்கச் சாமி குற்றம் என்று உட்கார்ந்திருப்பீர்கள், அம்மாவிடம் சொல்லவும் முடியாது. சத்தியத்துக்குப் பதிலாக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். அம்மா பயப்படுவது குடிக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை, ராத்திரியில் மகள் எங்கே, யாரோடு, எப்படி வீடு திரும்புகிறாள் என்று தெரியாததுதான் பாதி பயம்.

உங்கள் வரிகளை வைத்தே, வெட்டியும் இடம் மாற்றியும், ஒரு வடிவம் தருகிறேன். உங்கள் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள அம்மா, அப்பா,

போனில் பேச ஆரம்பித்தாலே அழுகையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

முதலில் அந்த போட்டோ. இங்கே மாணவர்கள் சனிக்கிழமை மாறுவேஷம் போட்டுக்கொண்டு ஒரே சாலையில் இருக்கிற பப்களுக்கு வரிசையாகப் போவார்கள். வகுப்பில் எல்லோரும் கிளம்பியதால் நானும் போனேன். ஒரு பப்பில் அரை கிளாஸ் பீர் என்று வைத்தால்கூட, கடைசிவரை போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று இந்த நாட்டு டாக்டர்கள் சொல்கிற அளவை ஒரே நாளில் தாண்டிவிடுவார்கள். நான் நாலாவது கடையோடு திரும்பிவிட்டேன். என் கையில் இருந்தது கோக். ஐஸும் எலுமிச்சைத் துண்டும் போட்டுத் தந்ததால் அப்படித் தெரிகிறது. அப்பா, நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அத்தை மேலும் எனக்குக் கோபம் இல்லை.

நான் குடிப்பதில்லை. யாரும் தடுத்ததால் இல்லை, இங்கே தடுக்க யாரும் இல்லை. பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்று நான் எதுவும் கேட்கவில்லை, நீங்களும் எதுவும் சொல்லவில்லை. அந்த வயிறும் அந்தக் குழாயும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது எதனால் என்று பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். அவர் எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், நல்லவர், அதனால்தான் எனக்கு இன்னும் பயம். யாருக்கு அளவோடு நிற்கும், யாருக்கு நிற்காது என்று குடித்துப் பார்த்துத்தான் தெரியும் என்றால், எனக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம்.

இன்னொரு காரணம் சின்னது. ராத்திரி வீட்டுக்குத் திரும்பி வரும்போது என் தலை தெளிவாக இருக்க வேண்டும், எனக்கு அது பிடித்திருக்கிறது.

அம்மா, நீ சத்தியம் கேட்டாய். சத்தியம் பண்ணமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே கேக்கில்கூடச் சில சமயம் மது இருக்கிறது, தெரியாமல் சாப்பிட்டுவிட்டு உன்னிடம் மறைக்கிற நிலைமை எனக்கு வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் என் கோக்கை நானே வாங்கிக்கொள்வேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்காவது போனால் திரும்பி வந்து அதைக் குடிக்கமாட்டேன், புதிதாக வாங்குவேன். திரும்பும்போது கூட ஒரு தோழி வருவாள், இல்லாவிட்டால் டாக்ஸி. வீட்டுக்கு வந்ததும் மெசேஜ் போடுகிறேன், உங்களுக்கு அது விடியற்காலையாக இருக்கும், எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

என் நண்பர்கள் குடிக்கிறார்கள். அவர்கள் மோசமானவர்கள் இல்லை, என்னைக் கட்டாயப்படுத்தியதும் இல்லை. அவர்களோடு போவதை நான் நிறுத்தப்போவதில்லை. இனிமேலும் போட்டோ வரும். வந்தால் யாரிடமும் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேளுங்கள்.

உங்கள் மகள்."

இதில் நண்பர்களைப் பற்றிய பத்தியை நானாகச் சேர்த்தேன். உங்கள் கடிதத்தில் அவர்களை "குடிகாரக் கூட்டம்" என்று எழுதி, நான் மட்டும் வேறு என்று காட்டியிருந்தீர்கள். அது அம்மாவைச் சமாதானப்படுத்தாது, அப்படிப்பட்ட கூட்டத்தில் என் பெண்ணுக்கு என்ன வேலை என்றுதான் அடுத்த கேள்வி வரும், அப்புறம் ஹாஸ்டல் மாறு, வெளியே போகாதே என்று நீளும். "போவதை நிறுத்தப்போவதில்லை" என்ற வரி அம்மாவுக்குக் கசக்கும், தெரியும். ஆனால் அது இல்லாமல் அனுப்பினால் அடுத்த போட்டோ வரும்போது இதே ரகளையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கோக்கை நானே வாங்குவேன் என்று எழுதியதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஊரில் ரவுண்ட் என்று ஒரு வழக்கம், ஒருத்தர் போய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த தடவை இன்னொருத்தர். அதற்குள் மாட்டிக்கொண்டால் மற்றவர்களின் பீருக்கு உங்கள் படிப்புக் கடன் பணம் போகும், உங்களுக்கு யாராவது "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று எதையாவது கையில் திணிப்பார்கள். ஆரம்பத்திலேயே நான் ரவுண்டில் இல்லை என்று சொல்லிவிடுவது அங்கே மரியாதைக்குறைவு இல்லை. மருந்து சாப்பிடுகிறேன் என்று சாக்குச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அது வேண்டாம். மருந்து ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அப்புறம் எந்த மருந்தைச் சொல்வீர்கள்? "நான் குடிப்பதில்லை, எனக்கு ஒரு கோக்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் பெரும்பாலானவர்கள் இரண்டாவது தடவை கேட்பதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறவர் ஒருவர் இருந்தால் அவருக்கு உங்கள் பெரியப்பா கதையைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எப்படி அனுப்புவது என்பதையும் பார்த்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது, அதில் அத்தை இருக்கிறார். கையால் எழுதி, தெளிவாக போட்டோ எடுத்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஒருவர் மற்றவருக்குப் படித்துக்காட்டும்படி விட்டால் வரிகள் மாறிப்போகும். வேலை நாளில் அனுப்பாதீர்கள். நீங்கள் மாலை ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து அனுப்பினால் குளிர்காலத்தில் அங்கே இரவு பத்தரை, படித்துவிட்டு இரண்டு பேரும் தூங்கமாட்டார்கள். உங்களுக்கு ஞாயிறு காலை, அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுதான் நல்ல நேரம்.

அம்மா கூப்பிட்டு மறுபடியும் சத்தியம் பண்ணு என்பார், அநேகமாக நிச்சயம். புதிதாக ஒரு காரணமும் சேர்க்காதீர்கள், "எழுதியிருக்கேனே மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அப்பா உடனே பேசமாட்டார். பெரியப்பா பத்தியைத் தாண்ட அவருக்குச் சில நாள் ஆகும், அதற்குள் "படித்தீர்களா, என்ன நினைக்கிறீர்கள்" என்று மெசேஜ் போட்டு நெருக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் மௌனம் நீடித்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது அவருக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கடிதம் எழுதலாம், அதில் இந்த போட்டோவும் வேண்டாம், குடியும் வேண்டாம், பெரியப்பாவைப் பற்றி அவர் சொல்ல விரும்புவதைக் கேட்க நீங்கள் தயார் என்பது போதும்.